நாற்பது வரிசையும் மஞ்சள்

வள்ளிமயிலின் இடுப்பு போனது மனிதர்களைத் தூக்கித் தூக்கித்தான். கழுகுமலை சாலையில் இருக்கும் முதியோர் இல்லத்தில் பல வருடம் படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிக் குளிப்பாட்டினாள். தண்டுவடத் தட்டு விலகிவிட்டது, இனி பாரம் தூக்கினால் கால் விழுந்துவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகு, மேலாளர் சங்கரபாண்டியன் அவளை ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த நாற்காலி போனால் மறுபடியும் கட்டில் வேலைதான். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

எக்செல் ஷீட்டில் கட்டிலுக்கு ஒரு வரிசை: பெயர், மருந்து, அளவு, நேரம். மாற்றம் இருந்தால் டாக்டர் தன் கிளினிக்கில் இருந்தபடியே அதில் திருத்திவிடுவார். ராத்திரி நர்ஸ் சொர்ணத்தாய் ஒருத்திதான். நாற்பது வரிசையையும் படித்துக்கொண்டிருக்க அவளுக்கு நேரம் கிடையாது. அதனால் வள்ளிமயில் வீடியோ பார்த்து, மேக்ரோ என்னும் குட்டி நிரல் ஒன்றை எழுதினாள். பொத்தானை அமுக்கினால் அது பழைய நிறத்தை அழித்துவிட்டு, நேற்று எடுத்து வைத்த நகலின் ஐந்தாம் வரிசையை இன்றைய ஐந்தாம் வரிசையோடும், ஆறாவதை ஆறாவதோடும் ஒத்துப் பார்க்கும். ஓர் எண் மாறியிருந்தாலும் அந்த வரிசை மஞ்சளாகும். மஞ்சளானவர்களுக்கு மட்டும் சொர்ணத்தாய் கட்டில் தலைமாட்டு அட்டையைத் திருத்துவாள். மருந்து கொடுப்பது அட்டையைப் பார்த்துத்தான்.

மேக்ரோவில் ஒரு குறை இருந்தது. அதற்கு ஆளைத் தெரியாது, எத்தனையாவது வரிசை என்பதுதான் தெரியும். மேலே ஒரு வரிசையைச் செருகினால் கீழே உள்ளதெல்லாம் ஒரு படி இறங்கி, எல்லாமே மாறிவிட்டதாகக் காட்டும். கட்டில் எண்ணை வைத்துத் தேடும்படி எழுதியிருக்க வேண்டும். வள்ளிமயில் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். புது ஆள் வந்தால் கடைசியில் சேருங்கள் என்று எல்லோரிடமும் சொன்னதோடு சரி.

ஆடி முதல் வெள்ளி. கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறைய விபூதியோடு வந்த சங்கரபாண்டியன், ஷீட்டின் உச்சியில் ஒரு வரிசையைச் செருகி, நடுவில் 'உ' என்று போட்டார்.

சாயங்காலம் சொர்ணத்தாய் பொத்தானை அமுக்கியதும் சிரித்தாள். "ஏட்டி வள்ளி, இங்கன வந்து பாரு! கிழடு கட்டை அத்தனைக்கும் மஞ்ச நீராட்டு நடத்திட்டியே!"

வள்ளிமயில் பார்த்தவுடன் புரிந்துகொண்டு மேலாளரைக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, மேல ஒரு வரிசை சேத்திருக்கீய. அத எடுத்துட்டா சரியாயிரும்."

"ஆடி வெள்ளியில போட்ட பிள்ளையார் சுழிய அழிக்கச் சொல்லுதியா? விளங்குமா?"

"அப்ப நான் இருந்து ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்துட்டுப் போறேன்."

"ஒண்ணும் வேண்டாம். டாக்டர் இன்னைக்கு எதையும் மாத்திருக்க மாட்டாரு. சொர்ணம், பழைய அட்டைப்படியே குடு." அவர் வள்ளிமயில் பக்கம் திரும்பினார். "உனக்கு நாற்காலி பிடிக்கலைன்னா சொல்லு. கட்டிலுக்கு ஆள் பத்தல."

வள்ளிமயில் பையை எடுத்துக்கொண்டாள்.

எப்போதும்வென்றான் ஊரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகும் வழியில், பஸ்ஸில் அவளுக்குத் தோன்றியது: நேற்றைய நகலிலும் உச்சியில் ஒரு வெற்று வரிசையைச் சேர்த்திருந்தால் போதும். சுழியும் இருந்திருக்கும், வரிசைகளும் நேராகியிருக்கும். சொர்ணத்தாயிடம் சொல்லப் போனைக் கையில் எடுத்தாள். தன்னை மீறிப் பேசினாள் என்று மேலாளர் காதுக்குப் போனால்? மறுபடியும் பைக்குள் போட்டாள்.

காலையில், விளாத்திகுளத்தில் மிளகாய் பயிரிட்ட சம்சாரி சாமித்துரை கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. வேர்வையில் நனைந்த விரிப்பில் குளிர்ந்து கிடந்தார். இரண்டு நாளாகக் கஞ்சி இறங்காததால் டாக்டர் அவருடைய இன்சுலினைப் பாதியாகக் குறைத்திருந்தார். அட்டையில் முழு அளவு இருந்தது. முழு அளவும் ஏறியது. ராத்திரியோடு சர்க்கரை இறங்கிப் போய்விட்டது.

மகள் முத்துசெல்வி தலைவிரிகோலமாக ஆபீசுக்குள் வந்தாள். சங்கரபாண்டியன் அவள் கண் முன்னாலேயே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். 'உ' இருந்த வரிசையை அவர் கையாலேயே அழித்தார். பொத்தானை அமுக்கினார். நாற்பதில் ஒரே ஒரு வரிசை மஞ்சளானது. சாமித்துரை.

"பாருங்கம்மா. மிஷின் பளிச்சுனு காட்டுது. இவதான் பாக்கல."

"அண்ணாச்சி, நேத்து மேல நீங்க..."

"மேல என்ன? சொர்ணம், நீ சொல்லு, மேல என்ன இருந்துச்சு?"

சொர்ணத்தாய் தரையைப் பார்த்தாள். "எனக்குக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியாது அண்ணாச்சி."

முத்துசெல்வி திரையையும் வள்ளிமயிலையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்கய்யா பேரு மட்டும் மஞ்சளாத்தான நிக்கி? உன் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கேட்டு, முகத்தில் துப்பினாள்.

வள்ளிமயில் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரி," என்றார் சங்கரபாண்டியன். "அவியளக் குளிப்பாட்டி வண்டியில ஏத்தணும். இனிமே உனக்கு அங்கனதான் வேலை."

அவள் தலைமாட்டுக்குப் போனாள். உயிரோடிருப்பவர் கொஞ்சமாவது கையை ஊன்றுவார். பிணம் ஊன்றாது. முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தி, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே தூக்கினாள். இடுப்பில் ஏதோ வெட்டி இழுத்தது. இடது கால் மரத்துப்போனது. கிழவரைக் கீழே போடவில்லை.

"மெதுவா, வள்ளி," என்றாள் கால்மாட்டில் நின்ற சொர்ணத்தாய்.

"வாய மூடிட்டுக் காலப் பிடி, அக்கா."