நாதிபென் கொட்டகையில் நாலு வோல்ட்

கலப்பினப் பசுக்கள் ஒன்பது. பால் சங்கத்தில் கணவன் பெயரில் இல்லாமல் தன் பெயரில் ஓர் உறுப்பினர் எண். புகுந்த வீட்டில் ஒருவருக்கும் பிடிக்காத கறவை இயந்திரம். இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடம். பனாஸ்காண்டா மாவட்டத்து மணல் காட்டில், எழுத்தே தெரியாமல் நாதிபென் சம்பாதித்தவை இவை. யார் கேட்டாலும் அண்ணன் கேமர் ஒன்றையும் விடாமல் வரிசையாகச் சொல்வான்.

அந்த மழைக்காலத்தில் எல்லாம் கையை விட்டுப் போகும் போலிருந்தது. பசுக்கள் கறவைக் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டன. தள்ளி உள்ளே விட்டால் காலை மாற்றி மாற்றி வைத்தன. கறவைக் குழாயை உதைத்துத் தள்ளின. பால் முழுதாக இறங்காமல் மடி வீங்கியது. வெள்ளிக்கிழமை வியாபாரி வருவான், ஒன்பதையும் ஓட்டிக்கொண்டு போவான் என்று கணவனின் அண்ணன் ஹமீர் முடிவு செய்துவிட்டார். கணவன் லாரியோடு ராஜஸ்தானில் இருந்தான்.

மூத்தாரிடம் நேராகப் பேசும் வழக்கம் அங்கே இல்லை. அவர் வந்தால் நாதிபென் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பசுவிடம் பேசுவாள்.

"ஏய் காபரி, கரண்ட் போன அன்னிக்கு மட்டும் கையால கறந்தா ஒழுங்கா குடுக்கறே. உன்னைப் பிடிச்ச பேய்க்கு அன்னிக்கு லீவா?"

"மாடு மிரண்டு போச்சு, அவ்வளவுதான்," என்றார் ஹமீர், தூணைப் பார்த்து.

"தொட்டியில நாய் மாதிரி நக்கறே. வெளியில குட்டைத் தண்ணியை மட்டும் மடமடன்னு குடிக்கறே. இதையும் அவருக்குச் சொல்லு, காபரி."

ஹமீர் வெளியே போய்விட்டார். அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

கேமர் ஏழாவது வரை படித்தவன், வயரிங் வேலை. அந்தக் கொட்டகைக்கு வயர் இழுத்தவனும் அவன்தான். திங்கட்கிழமை மீட்டரோடு வந்தான். ஒரு முனையைத் தண்ணீர்த் தொட்டியின் இரும்பில் வைத்தான். பசுவின் பின்கால் நிற்கும் ஈரத் தரையில் ஒரு தகரத்தைப் போட்டு அதில் மறுமுனையை வைத்தான். நாலு வோல்ட். மெயினை அணைத்தான், ஒன்றுமில்லை. மறுபடி போட்டு ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தான். கறவை இயந்திரத்தின் மோட்டாரை அணைத்ததும் முள் விழுந்தது.

"நான் தினம் தொட்டியைத் தொடறேனே அண்ணே, எனக்குத் தெரியலையே?"

"நீ ரப்பர் செருப்பு போட்டிருக்கே. அதுக்கு வாய் தண்ணியில, நாலு காலும் சேத்துல. நமக்குத் தெரியாதது அதுக்குச் சுருக்குனு அடிக்கும்."

பிறகு அவன் சுவிட்சுப் பெட்டியைத் திறந்தான். கசிவு வந்தால் தானே விழ வேண்டிய சுவிட்சைத் தொடாமல் மின்சாரம் சுற்றிப் போகும்படி ஒரு துண்டு வயர் கட்டியிருந்தது. போன மழையில் அது தினமும் விழுந்து கறவை நின்றதால் அவனே கட்டியது. அது ஏன் விழுகிறது என்று அன்றைக்குத் தேடவில்லை; காரணம் மோட்டாரின் கசிவுதான். எர்த் வயரையும் குழி தோண்டச் சோம்பிப்போய், கிணற்றிலிருந்து தொட்டிக்கு வரும் இரும்புக் குழாயில் மாட்டியிருந்தான். அந்தக் குழாயின் மண்ணுக்குள் இருந்த பகுதியைக் கோடையில் ஹமீர் பிளாஸ்டிக்காக மாற்றியிருந்தார். கசிந்த மின்சாரம் மண்ணுக்குள் போக வழியில்லாமல் தொட்டியிலேயே தங்கிவிட்டது.

கேமர் மெயினை அணைத்தான். நேராக ஹமீரிடம் போனான்.

"தப்பு என்னுது. இன்னும் கொஞ்சம் கசிஞ்சிருந்தா மாட்டோட போயிருக்காது, இவளையும் சேர்த்து வாரியிருக்கும்."

ஹமீர் தரையைப் பார்த்தார். "குழாயை மாத்தினது நான். உங்கிட்டே ஒரு வார்த்தை சொல்லலை."

மூன்று நாள் வேலை. மோட்டார் கம்பிச்சுருள் மாற்றப் போனது, அதுவரைக்கும் வேறொன்று வந்தது. கொட்டகைக்கு வெளியே ஆழக் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டு எர்த் குழாய் இறக்கினார்கள். துண்டு வயரை எடுத்தான். தொட்டி, குழாய், கம்பித் தடுப்பு எல்லாவற்றையும் ஒரே பட்டையால் இணைத்து எர்த்தில் சேர்த்தான். தரைக்குள் கம்பிவலை போட்டு அதையும் சேர்க்க வேண்டும், மழை விட்டபின். அந்த மூன்று நாளும் நாதிபென் ஒன்பதையும் இரண்டு வேளையும் கையால் கறந்தாள். விரல்கள் மடங்கவில்லை.

வியாழக்கிழமை காலை மீட்டரில் ஒன்றும் காட்டவில்லை. காபரி வாசலில் நின்றது. பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது. நாதிபென் தள்ளவில்லை, அலுப்போடு தூணில் சாய்ந்து நின்றாள். வெகுநேரம் கழித்துப் பசு உள்ளே வந்து, தொட்டியில் மூக்கைத் தொட்டு எடுத்தது. பிறகு வாயை முழுதாக வைத்து உறிஞ்சியது.

வாசலில் நின்ற ஹமீர் போனை எடுத்தார். "நாளைக்கு வரவேண்டாம்," என்றார்.

மதியம் மின்சார அலுவலகத்து ஆள் வந்து சோதித்துப் படிவம் எழுதினார். கொட்டகை உரிமையாளர் என்ற இடத்தைக் காட்டி மைப்பெட்டியை நீட்டினார். நாதிபென் பேனாவைக் கேட்டாள். மகள்களின் சிலேட்டில் இரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாமல் பழகிய தன் பெயரை, விறைத்த விரல்களால், கோட்டைத் தாண்டாமல் எழுதினாள். பக்கத்தில் நின்ற கேமர் படிவத்தை வாங்கித் தேதியைப் போட்டான்: 12 செப்டம்பர் 2019.