சம்ப்பில் ஊறிய உப்புத் தண்ணீர்

வீடு கட்டிய அந்த ஒரு வருடத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம், "பாய்கிட்ட பேசிட்டேன்மா." பாய் என்பது என் கணவர். அவர் துபாயில் இருந்தார். வீட்டு மனையோ முத்துப்பேட்டைப் பக்கம் இருந்தது. தினமும் அங்கே போய் நின்றவள் நான். ஆனால் கான்ட்ராக்டருக்கு என் வாயிலிருந்து வருவது பேச்சாகவே படவில்லை.

முதல் சண்டை சம்ப்பின், அதாவது தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டியின், அளவில் வந்தது. கணவரின் அண்ணன் பதினைந்தாயிரம் லிட்டர் வேண்டும் என்றார். பக்கத்துத் தெருவில் ஒருவர் அவ்வளவு பெரிதாகக் கட்டியிருந்தாராம்.

"நாங்க ஏழு பேரு மச்சான். ஒரு நாளைக்கு ஆயிரம் லிட்டர் போதும். குழாய்த் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வருது. மூணு நாளைக்கு இருந்தா தாராளம். அதுக்கு மேல தேக்கி வச்சா பாசி பிடிக்கும்" என்றேன்.

"உனக்கு என்னம்மா தெரியும்?" என்றார், கான்ட்ராக்டரைப் பார்த்துச் சிரித்தபடி.

வரைபடம் போட்ட இன்ஜினியர் அம்மாவும் என் கணக்கையே சொன்னார். ஆறடிக்கு ஐந்தடி, தண்ணீர் நிற்கும் ஆழம் நாலடி. மூவாயிரத்துச் சொச்சம் லிட்டர். எங்கள் பக்கம் தோண்டத் தோண்ட உப்பு ஊற்று வரும், அதனால் ஆழம் வேண்டாம் என்றார். அந்த அளவே முடிவானது. இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். அடித்தளத்தை ஒருநாளும் சுவரை மறுநாளும் வார்ப்பதால் இடையில் ஒரு இணைப்பு விழும். அங்கே 'வாட்டர் ஸ்டாப்' என்ற பட்டையை, பாதி கீழ்க் கான்கிரீட்டிலும் பாதி மேல் கான்கிரீட்டிலும் இருக்கும்படி சுற்றிலும் புதைக்க வேண்டும். அந்தச் சுருளை நானே பட்டுக்கோட்டையில் வாங்கி வந்து கொடுத்தேன்.

தளம் போட்ட அன்று மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. மறுநாள் நான் போவதற்குள் சுவர் வார்க்கவும் பலகை அடித்திருந்தார்கள்.

"பட்டை வச்சாச்சா?"

"எல்லாம் வச்சாச்சும்மா. பாய்கிட்டயும் பேசிட்டேன்."

பலகையைப் பிரித்த வாரம் நல்ல மழை. மூடித்தளம் இன்னும் போடாததால் சம்ப்பின் மேல் தார்ப்பாய் கட்டியிருந்தது. விலக்கிப் பார்த்தேன். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர்.

"மழைத் தண்ணிம்மா" என்றார் கான்ட்ராக்டர்.

ஏணியை வைத்து இறங்கினேன். "யம்மா, யம்மா" என்று அவர் பதறினார். தண்ணீருக்குள் கைவிட்டு அடிச்சுவரின் இணைப்பில் விரலை ஓட்டினேன்; ஒரே கோடாக ஊறி வருவது விரலில் பட்டது. நனைந்த விரலை நாக்கில் வைத்தேன். உப்பு.

"உங்க ஊர்ல மழை கரிக்குமா?" என்று கீழிருந்தே கத்தினேன். என் குரல் அந்தச் சுவர்களில் மோதி எனக்கே பயமாக இருந்தது.

மேலே ஏறி நேராக சிமெண்ட் கொட்டகைக்குப் போனேன். தகரத்துக்குப் பின்னால் அந்தப் பட்டைச் சுருள், கட்டுக்கூடப் பிரிக்காமல் கிடந்தது. தூக்கி வந்து அவர் காலடியில் போட்டேன்.

"அது இல்லாமலே எத்தனையோ சம்ப் கட்டிருக்கோம்மா…"

"அதுல எத்தனைல உப்புத் தண்ணிய குடிக்கிறாங்களோ!"

சத்தம் கேட்டு வந்த மச்சான் என் தோளுக்கு மேலே பார்த்தபடி, "வேலை நடக்குற எடத்துல பொம்பளை சத்தம் போடக் கூடாது" என்றார். அன்று அவரிடமும் மரியாதை பார்க்காமல் பேசினேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

இன்ஜினியர் அம்மா வந்தார். பக்கத்தில் குழி தோண்டி மோட்டார் வைத்து ஊற்றுத் தண்ணீரை இறைக்கச் சொன்னார். உள்பக்கம் இணைப்பு நெடுக உளியால் வாய்க்கால் போல வெட்டி, கழுவி, சுருங்காத கலவையால் அடைத்தார்கள். மூலையை வளைவாக்கி, நீர்க்கசிவு தடுக்கும் பூச்சும் பூசினார்கள். நான் குடையோடு நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பூச்சு இறுகியதும் முழுக்க நிரப்பி, தண்ணீர் மட்டத்தில் கரிக்கோடு போட்டு, நாள் கணக்கில் காத்திருந்தோம். கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கவில்லை. பிறகு காலி செய்து, வெளியே மோட்டாரையும் நிறுத்திப் பார்த்தோம். சுவர் காய்ந்தே இருந்தது.

அதோடு விட்டார்களா? மூடித்தளத்துக்குப் பலகை அடித்தபோது இறங்கும் வாய் ஒரு குடம் நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. அதுவும் மாடிப்படிச் சுவர் வரும் மூலையில்.

"கழுவ இதுல யாரு இறங்குவா? நீங்க இறங்கிக் காட்டுங்க, பார்ப்போம்."

பலகையைப் பிரித்து, இரண்டடிக்கு இரண்டடி வாயாக, முன்பக்கம் திறந்த இடத்தில் வைக்கச் செய்தேன். முற்றத்துத் தண்ணீர் உள்ளே ஓடாதபடி வாயைச் சுற்றி விளிம்பை உயர்த்தி, இறுக மூடும் மூடி போட்டார்கள்.

அன்றிரவு கணவர் போன் செய்தார். "நீ ரொம்பக் கோவப்படுறியாமே? கான்ட்ராக்டர் சொன்னாரு."

"சம்ப்புல உப்புத் தண்ணி ஊறுச்சுன்னு சொன்னாரா?"

"இல்லையே."

"பட்டைய ஒளிச்சு வச்சத?"

"இனிமே அவரு என்கிட்ட பேச வேண்டாம். உன்கிட்டயே பேசச் சொல்றேன்" என்றார்.

"அதையும் நீங்கதான் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தேன்.