மூன்றாவது கூறு

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் போளூர்க்காரன் ஒருவனும் ஜவ்வாது மலையில் சாமை ரகங்களை அளந்துகொண்டிருந்தோம். மேல்சரிவு வயல்கள் அவனுக்கு, கீழ்ச்சரிவு எனக்கு. இருவருக்கும் தற்காலிக வேலை. ஆராய்ச்சி நிலையத்தில் காலியான நிரந்தர இடமோ ஒன்றுதான். அதற்கு எங்கள் அளவுகளை வைத்து எழுதும் கட்டுரையும் கணக்கில் வரும். அதை எழுத அவன் முந்திக்கொண்டான்.

வரைவை என்னிடம் படிக்கக் கொடுத்தான். ஒன்றோடொன்று தொடர்புள்ள ஏழு பண்புகளை முதன்மைக் கூறு பகுப்பாய்வால் மூன்று கூறுகளாகச் சுருக்கியிருந்தான். முதல் கூறில் எல்லாப் பண்புகளும் ஒரே திசையில் நின்றன. அது செடியின் பொதுவான பருமன். இரண்டாவதில் அடியிலிருந்து கிளைக்கும் தூர்களின் எண்ணிக்கை ஒரு பக்கம், கதிர் நீளமும் மணி எடையும் எதிர்ப்பக்கம். அதாவது பல சிறு கதிர்களா, சில பெரிய கதிர்களா என்பது. மூன்றாவதில் உயரமும் கதிர் நீளமும் எதிரெதிராக நின்றன. மேல்சரிவுச் செடிகள் அனேகமாக எல்லாமே ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தன. அதற்கு அவன் 'மேட்டுநிலத் தகவமைப்பு' என்று பெயர் வைத்திருந்தான். அழகான பெயர். எனக்குத் தோன்றவில்லையே என்று அன்று முழுவதும் அதையே திருப்பித் திருப்பிப் படித்தேன்.

"மூணு எதுக்கு? படத்துல ரெண்டுக்கப்புறம் கோடு தட்டையாப் போவுதே" என்று, ஒவ்வொரு கூறின் பலத்தை, அதாவது ஐகன் மதிப்பைக் காட்டும் வரைபடத்தைத் தொட்டேன்.

"மூணாவதோட ஐகன் மதிப்பு ஒண்ணைத் தாண்டுது. தாண்டினா வச்சிக்கிறதுதானே வழக்கம்? இன்னா, வயித்தெரிச்சலா?" என்று சிரித்தான்.

ஆமாம். வரைவை மடித்து அவன் கையில் கொடுத்தேன்.

அடுத்த அறுவடையில் சில செடிகளைச் சரிபார்க்க அவனுடைய வயலுக்குச் சேர்ந்து போனோம். முற்றிய சாமைக் கதிர் வளைந்து தொங்கும். அவன் அளவுகோலை நட்டு, வளைவின் உச்சியில் உயரத்தைப் படித்தான்.

"எப்பவும் இப்படித்தான் அளக்கிறியா?"

"பின்ன? செடி நிக்கிறபடிதானே உயரம்."

நான் கதிரை நிமிர்த்திப் பிடித்து நுனிவரை அளந்திருந்தேன். கதிர் நீளத்தை மட்டும் இருவரும் அறுத்து வைத்து ஒரே மாதிரி அளந்தோம். ஆகவே அவனுடைய செடிகள் கதிர் நீளத்துக்குக் குட்டையாகத் தெரிந்தன. மூன்றாவது கூறு பிரித்துக் காட்டியது எங்கள் இரண்டு கைகளை.

சொன்னேன். கட்டுரை அத்தோடு விழும் என்று நினைத்தேன். அவனோ கட்டுரையில் இரண்டு கூறுகளை மட்டும் வைத்தான். மூன்றாவதன் மதிப்பு ஒன்றைத் தாண்டினாலும், சரிவின் வேறுபாட்டையும் அளந்தவர்களின் வேறுபாட்டையும் அதில் பிரிக்க முடியாததால் அதற்கு விளக்கம் தரவில்லை என்று ஒரு வாக்கியம் சேர்த்தான்.

நேர்முகத் தேர்வில் தலைமை விஞ்ஞானி அந்த வாக்கியத்தை என்னிடமே வாசித்துக் காட்டி, இப்படி எழுதத் தெரிய வேண்டும் என்றார். வேலை அவனுக்குக் கிடைத்தது.

"நீ பார்க்கலன்னா மானம் போயிருக்கும்டா" என்றான், ஆலங்காயம் பஸ்ஸுக்கு என்னோடு நின்றபோது. பஸ் வரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நான் பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.