கூரை மேல் போட்ட வருட ஒப்பந்தம்

கிள்ளானில் சோலார் வாட்டர் ஹீட்டர் விற்கும் கடையில் டெக்னீஷியனாக இருந்தேன். வயர்மேன் சான்றிதழ் வைத்திருந்த ஒரே பெண் அங்கே நான்தான். முதலாளிக்குப் புதுத் தண்ணீர்த் தாங்கி விற்பதிலேயே குறி.

ஒரு நாள் பிரிக்பீல்ட்ஸில் தங்கும் விடுதி நடத்தும் ஓர் ஆன்டியிடம் அனுப்பினார். சுடுதண்ணீர் கலங்கலாக வருகிறதாம். மொட்டை மாடியில் மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரை அடைத்து, சூடு ஆறியதும் தாங்கியை வடித்துப் பார்த்தேன். அடியில் வண்டல். துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் தண்டு கரைந்து, நடுக் கம்பி மட்டும் மிச்சம். தாங்கியில் கசிவே இல்லை.

முதலாளிக்கு போன் போட்டேன்.

"தாங்கி போச்சுன்னு சொல்லிடுலா. புதுசு போட்டா உனக்கும் கமிஷன்."

"போகலையே பாஸ். கழுவிட்டு, தண்டை மாத்தினா போதும்."

"சொன்னதைச் செய். இல்லன்னா நாளைக்கு வராதே."

"சரி, வரல."

கோபத்தில் போனை அணைத்தேன்.

பக்கத்தில் நின்ற ஆன்டி எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "வேலையை விட்டுட்டியே மா, இனிமே இதை யாரு பார்ப்பா?"

"நான்தான் ஆன்டி. வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து சோலார் கண்ணாடி துடைச்சு, வண்டல் வடிச்சு, வால்வு, தண்டு எல்லாம் பார்க்கிறேன். ஒப்பந்தம் போட்டுக்கலாம். சாமான் மாத்தினா மட்டும் தனிக் காசு."

"ஒண்ணுமே கெடலன்னா என் காசு வீண்தானே?"

"கெடாம பார்த்துக்கத்தானே வரேன்!"

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மறுநாள் நானே தண்டு வாங்கிவந்து மாட்டினேன்.

வீட்டில் கணவர் கத்தினார். "மாசச் சம்பளத்தை விட்டுட்டு, ஒரு ஆன்டியை நம்பி உட்காரப் போறியா?"

"உட்காரல, ஏறப் போறேன்" என்றேன்.

"பொம்பள எத்தனை நாளைக்குக் கூரை ஏறுவா" என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நான் ஒப்பந்தம் தேடிக் கடை கடையாகப் படி ஏறி இறங்கினேன். சேலைக் கடை ஒன்றில் கூரை சோலாரின் இன்வெர்ட்டர் மத்தியானமானால் சூடேறி, மின்சாரத்தைக் குறைத்துத் தந்தது. முதலில் விற்றவர்கள் புதிதாக மாற்றச் சொல்லியிருந்தார்கள். இணைப்புகளைத் துண்டித்துவிட்டுப் பார்த்தேன்: விசிறியும் வடிகட்டியும் தூசியில் அடைத்துக் கிடந்தன. சுத்தம் செய்ததும் சரியானது. சேலைக் கடைக்காரர்களும் ஒப்பந்தம் போட்டார்கள். அவர்கள் சொல்லி செமினியில் ஒரு வரிசை வீடுகளே ஒப்பந்தத்துக்கு வந்தன.

புதிதாக யாரும் சோலார் போடாத மாதத்திலும் ஏதாவது ஓர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது. அந்தப் பணத்தில், வேலைக்கு வாங்கிய வேனின் தவணை கட்டுகிறேன். கணவர் இப்போது கத்துவதில்லை, வேன் மேல் ஏணியைக் கட்டிக்கொடுக்கிறார்.

போன மாதம் பழைய முதலாளி அழைத்தார். "சர்வீஸ் முழுக்க உன்கிட்டயே விடறேன். என் கடைப் பேர்ல பண்ணு."

"என் பேர்லதான் பண்ணுவேன், பாஸ். உங்க வீட்டு ஹீட்டருக்கு ஒப்பந்தம் வேணும்னா சொல்லுங்க, வரேன்."

அவர் போனை வைத்துவிட்டார். எனக்கும் அன்று டெங்கிலில் ஒரு வீட்டுக் கூரையில் வேலை இருந்தது.