பாக்கெட் மாவு வாங்கும் பெண்

எங்கள் குழுவுக்குக் கல்லூரியில் கிடைத்த ப்ராஜெக்ட் பாக்கெட் இட்லி மாவு. பாப்பிரெட்டிப்பட்டியில் அதை யார், எதற்காக வாங்குகிறார்கள் என்று விசாரித்து, அந்த வாடிக்கையாளரை ஒரு கற்பனை ஆளாக அட்டையில் எழுதிக் கல்லூரிக் கண்காட்சியில் வைக்க வேண்டும். அதற்குப் பெயர் பெர்சோனா.

போனில் கேள்விப்படிவம் அனுப்பினோம். பதில்கள் வருவதற்குள், குழுவில் இருந்த என் தோழி அப்படி ஒரு கற்பனைப் பெண்ணை எழுதியே விட்டாள்: 'கிராமத்துப் பெண், விவரம் போதாது, எதையும் கணவரைக் கேட்டுத்தான் வாங்குவாள்.' எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்கம்மா அப்படியா? இதை யாருடி சொன்னா?" என்று சண்டை போட்டு அழிக்க வைத்தேன். அந்தச் சண்டையில் நியாயம் என் பக்கம்தான், இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிறகு நேரில் போய்ப் பேசினோம். நர்ஸ், கூலி வேலைக்குப் போகிறவர், ஆசிரியை எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். காலையில் நேரமில்லை, மறுநாளே புளித்துவிடுகிறது, சின்னப் பாக்கெட்டாக இருந்தால் தேவலை. படிவத்தில் வந்த பதில்களும் அப்படித்தான் இருந்தன. அதை வைத்தே எழுதியிருக்கலாம். எனக்கு அது சப்பென்று இருந்தது.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த அக்காதான் எனக்குப் பிடித்துப்போனார். துணியை மடித்துக்கொண்டே சிரித்தார். "பாக்கெட்ட இங்கயே பிரிச்சு குண்டாவுல ஊத்திட்டுப் போயிருவேன் பாப்பா. எங்கம்மா வூட்டுல ஆட்டிக் குடுத்ததுன்னு சொல்லிருவேன். மாமியாருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்!"

விடுவேனா? தையல் கடை, வாசலில் நின்ற அவருடைய சிவப்பு ஸ்கூட்டி, குண்டா, மாமியார் எல்லாவற்றையும் எழுதினேன். பெயரை மட்டும் மாற்றினேன். அட்டையில் ஆள் உயிரோடு நின்றாள். கண்காட்சியன்று பேராசிரியர் பாராட்ட, எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று பெற்றோர்களும் வந்திருந்தார்கள். அந்த அக்காவின் நாத்தனாரும் வந்திருந்தார், அவர் மகள் எங்கள் கல்லூரியில்தான் படிக்கிறாள். அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டுப் போனில் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் மாமியார் வரை போய் அக்கா வீட்டில் பெரிய ரகளையானது அந்த மகள் மூலம் பிறகு தெரிந்தது. பலரிடமும் பொதுவாக இருப்பதைத்தான் எழுதியிருக்க வேண்டும். நான் ஒருத்தியை அப்படியே சந்தியில் நிறுத்தியிருந்தேன்.

அட்டையைக் கிழித்துப் போட்டேன். மன்னிப்புக் கேட்கவும், புது அட்டையில் அவர் சொன்னவற்றில் எதையெல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்கவும் தோழியோடு கடைக்குப் போனேன். அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மெஷினை நிறுத்தாமல், தலை நிமிராமல் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எதுவா இருந்தாலும் எங்கூட்டுக்காரரைக் கேட்டுக்குங்க."

தோழி என்னைப் பார்த்தாள். நான் சண்டை போட்டு அழிக்க வைத்த வரி அது.