பெரிய சொம்பும் சின்னச் சொம்பும்

கூழில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். இது கூடத் தெரியாமல் நான் கூழ்க்கடை போட்டேன். பிறந்த ஊர் திண்டிவனம் பக்கம், மோட்டாரைப் போட்டால் நல்ல தண்ணீர் கொட்டும். அந்த நினைப்பிலேயே கேழ்வரகு, நொய், தயிர், கேஸ், வெங்காயம், மோர்மிளகாய் என்று எல்லாவற்றையும் கூட்டிச் சொம்பு இருபது ரூபாய் என்று விலை வைத்தேன். மரக்காணம் உப்பளத்து ஓரமாகத் தள்ளுவண்டியை நிறுத்திய பிறகுதான் உறைத்தது. அங்கே எந்தத் தண்ணீரை வாயில் வைத்தாலும் கரிக்கும். காய்ச்சவும் கரைக்கவும் கேன் தண்ணீர்தான் வாங்க வேண்டும். வெயிலில் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதுவும் கேன்தான்.

முதல் மாதம் முடிந்தபோது கையில் ஒன்றும் நிற்கவில்லை. வண்டி வாங்க அடகு வைத்த தோட்டுக்கு வட்டி கட்டக்கூட வழியில்லை. உப்பு மூட்டை தூக்கி முதுகு போன வீட்டுக்காரர் பாயில் படுத்திருந்தார். வண்டி நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

"கொஞ்சம் தண்ணியா கரைச்சிடேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் படுத்தபடியே.

"அந்தத் தண்ணிதாங்க நம்மள முழுங்குது" என்றேன். அவர் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

நீர்க்கக் கரைத்தால் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் ஏமாற்றுக்காரி என்ற பெயர்தான் மிஞ்சும். விலையைத்தான் ஏற்ற வேண்டும். ஆனால் என் வாடிக்கை என்றால் ஒரே ஒரு செட்டுதான். உப்பு வாரித் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் குவிக்கும் பெண்கள் பத்துப் பேர். பத்து மணி வாக்கில் சேர்ந்து வருவார்கள், தலைவி என்ன வாங்குகிறாளோ அதையேதான் மற்றவர்களும் வாங்குவார்கள். ஒருத்தி கூடுதலாகச் சாப்பிட்டால் அவளுக்குக் கொழுப்பு, ஒருத்தி குறைத்தால் அவள் வீட்டில் கஷ்டம் என்று பேச்சு வருமாம். தலைவி போனால் பத்துப் பேரும் போன மாதிரி.

அதனால் முதலில் அவளிடமே போனேன்.

"யக்கா, வர்ற வாரத்துலேருந்து சொம்பு முப்பது ரூவா. கேன் தண்ணிக்கு நான் கணக்கே போடல. கூழு இதே கெட்டிதான் இருக்கும், தொட்டுக்கவும் கொறைக்க மாட்டேன்."

கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நீ இன்னா பண்ணுவ பாவம். எங்க கூலி ஏறலயேம்மா" என்றாள்.

அடுத்த வாரம் பத்துப் பேரும் வந்தார்கள். ஆளுக்கொரு பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் வீட்டிலிருந்து நீராகாரம். உப்பளத்தில் வேறு நிழல் ஏது? என் தார்ப்பாய்க்குக் கீழேயே உட்கார்ந்து குடித்தார்கள். முகம் திருப்பவில்லை, என்னிடம் வழக்கம்போல் பேசினார்கள். வெங்காயம் நீட்டினேன், வேண்டாமென்றார்கள். பேராசைக்காரி என்று திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்றைக்குப் பானையில் மிச்சமான கூழை வீட்டில் கொட்டும்போது அழுகை வந்துவிட்டது.

இரண்டு நாள் யோசித்து ஒரு சின்னச் சொம்பு வாங்கி வந்தேன். அதன் அளவுக்கு இருபது ரூபாய் கட்டுப்படியாகும். ஒளிக்காமல் இரண்டு சொம்பையும் வண்டி மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "சின்னது இருவது, பெருசு முப்பது. எது வேணுமோ எடுத்துக்கங்க."

தலைவி இரண்டையும் பார்த்தாள். சின்னதைக் காட்டினாள். மற்ற ஒன்பது பேரும் சின்னதையே வாங்கினார்கள். அன்று முதல் தினமும் வந்தார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அந்த மாதம் வட்டியும் கட்டினேன்.

செட்டில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருபவள். சின்னச் சொம்பு அவளுக்கு எந்த மூலைக்கு? இரண்டே மடக்கில் காலி செய்துவிட்டு, பெரிய சொம்பை ஒருதரம் பார்ப்பாள். உடனே பார்வையை எடுத்துக்கொள்வாள். ஒரு நாள் மனசு பொறுக்காமல், அவள் கேட்காமலேயே ஒரு கரண்டி மொண்டு அவள் சொம்புப் பக்கம் நீட்டினேன். அவள் சொம்பைக் கையால் மூடிக்கொண்டு தலைவியைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் ஊத்துவியாம்மா?" என்று கேட்டாள் தலைவி. குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே கேட்டாள்.

பத்துக் கரண்டி. என் லாபமே அவ்வளவுதான்.

கரண்டியைப் பானையிலேயே கவிழ்த்தேன். அவர்கள் எழுந்து, சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, உப்பு வாரப் போனார்கள்.