போட்டோவாக வரும் ஓடர்கள்

டோர்செட் பார்க்கில் ஒரு அடுக்குமாடியின் பத்தாம் மாடியில் இருக்கும் றூபனுக்குக் கோபம் சத்தமாக வராது. உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். துஷாந்த் மேல் வந்த கோபம் அப்படி உட்கார்ந்து எட்டு மாதம்.

இருவருக்கும் ஸ்காபரோவில் ஒரு லொறிக் கம்பனியின் ஓடர் பிரிவில் வேலை. லொறி கேட்டு மின்னஞ்சலில் வரும் ஓடர்களைக் கையால் அட்டவணையில் ஏற்றிவந்த காலத்தில், ஏஐயிடம் கேட்டுக் கேட்டு, மூன்று வாரம் முட்டி மோதி, அவை தாமாகவே போய் விழும்படி செய்தவன் றூபன். துஷாந்த் அதைக் கூட்டத்தில் "நாங்கள் செய்தது" என்று காட்டினான். அடுத்த கூட்டத்தில் அது "நான்" ஆயிற்று.

இப்போது பிரிவின் பொறுப்பாளர் பதவி காலி. இருவருமே கேட்டிருந்தார்கள். துஷாந்த் பிரின்டரில் மறந்துவிட்டுப் போன விண்ணப்பம் றூபனின் கண்ணில் பட்டது: "ஏஐ நிபுணர். ஓடர் பதிவை முழுமையாகத் தானியங்கியாக்கியவர்."

றூபனுக்கும் கை துறுதுறுத்தது. தன் விண்ணப்பத்தை ஏஐயிடம் கொடுத்தான். அது அவனையும் நிபுணனாக்கித் திருப்பித் தந்தது. வாசிக்க இனித்தது. ஆனால் புளுகில் துஷாந்தை யார் வெல்வது? எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தானே எழுதினான்:

"ஏஐயின் உதவியோடு ஓடர் பதிவை அமைத்தேன். பழைய ஓடர்கள் நாற்பதில் சோதித்து மூன்று பிழைகளைத் திருத்தினேன். போட்டோவாக வரும் ஓடர்களை அது வாசிக்காது. அவற்றை நான் கையால் பதிகிறேன். உதவியில்லாமல் எனக்குக் கணினிக் கோட் எழுதத் தெரியாது."

கடைசி வரி அவனையே சுட்டது. அதற்கு முந்தின வரியில் துஷாந்துக்கு ஊசி வைத்திருந்தான்.

நேர்முகத்தில் மனேஜர் செலீன் அந்த இரண்டு வரிகளையும் கோடிட்டிருந்தார்.

"கோட் தெரியாதெண்டு நீரே எழுதியிருக்கிறீர்."

"ஓம் அக்கா, தெரியாது. ஆனா அது எங்க பிழைவிடுமெண்டு தெரியும்."

"போட்டோ ஓடர் எத்தினை வரும்?"

"நாளுக்கு பன்னிரண்டு. போன மாசம் நான் லீவில நிண்ட ரெண்டு நாளையும் பாருங்கோ. லொறி வரேல்லையெண்டு கஸ்டமர் கோல் எடுத்த நாளுகள்."

செலீன் அட்டவணையைத் திறந்தார். அந்த நாட்களின் போட்டோ ஓடர்களில் அனுப்பியவர் பெயரும் நேரமும் மட்டும். மற்றக் கட்டங்கள் வெறுமை. துஷாந்தின் பெயர் இருந்த தாளை எடுத்து ஒரு கேள்வி எழுதினார்.

பிறகு உள்ளே போன துஷாந்த், முகம் செத்து வெளியே வந்தான்.

"என்னடா சொன்னனீ அவவுக்கு?"

"என்ர வேலையை."

"ஏஐ போட்டோவையும் வாசிக்குமெண்டு சொல்லிப்போட்டன். அவ அந்த ரெண்டு நாளைத் திறந்து காட்டுறா."

"பாவம்," என்றான் றூபன். எட்டு மாதம் வாயில் வைத்திருந்த சொல்.

பொறுப்பாளராக வந்த முதல் நாள், போட்டோ ஓடர்களை அவன் துஷாந்திடம் ஒப்படைத்தான்.

"கையால பதி மச்சான். இதை விண்ணப்பத்தில போடலாம். இந்த முறை ஒருத்தரும் திறந்து பாக்க மாட்டினம்."